கலைச்சொல் தேவை: கிளையன்ட் நம்மைத் தாண்டி மேலாளரிடம் போவதை எப்படிச் சொல்வது?

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் அலுவலகத்தில் சப்போர்ட் குழுவுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் தலைப்பு அமையவில்லை. பேச்சில் எல்லோரும் "எஸ்கலேஷன் ஆயிடுச்சு" என்கிறோம். "புகார்" என்று போட்டுப் பார்த்தேன். படித்த தம்பிகள் உடனே "அப்போ விளக்கக் கடிதம் எழுதணுமா அக்கா?" என்றார்கள். அந்தச் சொல் அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது.

எந்த நிலைமைக்குச் சொல் தேடுகிறேன் என்பதற்கு அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கிளையன்ட் ஆன்லைனில் சேலை விற்பவர். காலை 11 மணிக்கு எங்கள் சர்வர் குழுவில் ஒருவர் அவருடைய கடையைப் புதிய சர்வருக்கு மாற்றினார். அதற்குப் பிறகு வாங்கியவர்களின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனது; ஆர்டர் மட்டும் "பணம் நிலுவை" என்றே நின்றது. சிலர் மறுபடியும் கட்டினார்கள். மாலை 3 மணிக்குக் கிளையன்ட் கூப்பிட்டபோது சப்போர்ட்டில் இருந்த தம்பி தளத்தைத் திறந்து பார்த்தார். பூட்டுக் குறி சரியாக இருந்தது. "எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது" என்றார். 7 மணிக்கு எங்கள் மேலாளருக்கு மெயில் வந்தது: "உங்கள் ஆள் பொய் சொல்கிறார், அவரை மாற்றுங்கள்."

தவறு தம்பியுடையது அல்ல. ஆனால் கிளையன்ட்டுக்குத் தெரிந்த முகம் அவருடையதுதான். இந்த நிலைமைக்கும், அதில் அவர் ஏற்க வேண்டிய பொறுப்புக்கும் சொல் வேண்டும்.

இராமநாதன் எழுதியது:

அம்மா செல்வி, இதற்குப் புதுச்சொல் எதற்கு? மேல்முறையீடு என்று நல்ல சொல் இருக்கிறதே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலரின் பதில் திருப்தியாக இல்லையென்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்கிறோம். கீழே கிடைத்த பதிலை ஏற்காமல் மேலே போவது. உங்கள் சேலைக்காரர் செய்ததும் அதுதான். நான் பணியில் இருந்த காலத்தில் இப்படி ஒன்று வந்தால் கோப்பில் குறிப்பெழுதி, சம்பந்தப்பட்ட எழுத்தரிடம் விளக்கம் கேட்டு, பிறகுதான் மனுதாரருக்குப் பதில் போகும்.

சிவகரன் எழுதியது:

ஐயா, இலங்கையில் நாங்கள் மேன்முறையீடு என்போம். மேன்முறையீட்டு நீதிமன்றம் என்றே ஒன்று இருக்கிறது. அதனாலேயே அந்தச் சொல் இங்கே பொருந்தாது என்று நினைக்கிறேன். மேன்முறையீட்டில் கீழே ஒரு முடிவு இருக்க வேண்டும், மேலே இருப்பவர் இரண்டு பக்கமும் சாராதவராக இருக்க வேண்டும். இங்கே மேலாளர் நடுவர் இல்லை. அவரும் அதே பக்கத்து ஆள்.

அன்வர் எழுதியது:

> கோப்பில் குறிப்பெழுதி, சம்பந்தப்பட்ட எழுத்தரிடம் விளக்கம் கேட்டு, பிறகுதான் மனுதாரருக்குப் பதில் போகும்.

இராமநாதன் ஐயா, இந்த வரிசைதான் இங்கே ஆகாது. காரணம் தெரியும்வரை கிளையன்ட்டைக் காக்கவைத்தால், அதற்குள் இன்னும் எத்தனை பேர் இரண்டு முறை பணம் கட்டுவார்கள்?

முதலில் சொல். எஸ்கலேஷன் என்று நாம் சொல்வது இரண்டு வேறு காரியங்கள். முதல் நிலை ஆளுக்குத் தெரியாததை இரண்டாம் நிலை ஆளிடம் தருவது ஒன்று. அதில் கோபம் கிடையாது, தினசரி வேலை. கிளையன்ட்டோ நாமோ அதிகாரத்தில் மேலே இருப்பவரிடம் போவது இன்னொன்று. முன்னதை மேலனுப்பல் என்றும் பின்னதை மேலிட முறையீடு என்றும் பிரிக்கலாம். ஒரே சொல்லால் இரண்டையும் சொன்னால், உதவி கேட்க வேண்டிய நேரத்தில் தம்பிகள் தயங்குவார்கள். 3 மணிக்கு அந்தத் தம்பி சர்வர் குழுவுக்கு மேலனுப்பல் செய்திருந்தால் 7 மணிக்கு மேலிட முறையீடு வந்திருக்காது.

இரண்டாவது, இந்தக் கோளாறு எனக்குப் பழக்கமானது. செல்வி, சர்வரில் சான்றிதழ்க் கோப்பாக `cert.pem` போட்டிருந்தார்களா?

செல்வி எழுதியது:

ஆமாம் அண்ணா, அதேதான். இரவு 8 மணிக்குக் கண்டுபிடித்தோம். வெளியிலிருந்து பார்த்தபோது இப்படி வந்தது (பெயரை மாற்றியிருக்கிறேன்):

```
openssl s_client -connect shop.example:443 -servername shop.example
Verify return code: 21 (unable to verify the first certificate)
```

`fullchain.pem` என்று மாற்றி nginx-ஐ ரீலோட் செய்ததும் சரியாகிவிட்டது.

அன்வர் எழுதியது:

அப்படியென்றால் தம்பி பொய் சொல்லவில்லை என்பதற்குச் சான்று அதிலேயே இருக்கிறது. `cert.pem`-இல் கடையின் சான்றிதழ் மட்டும்தான் இருக்கும். அதை வழங்கியவரின் இடைச்சான்றிதழ் இருக்காது. பிரவுசர்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும். அதனால் பூட்டுக் குறி சரியாகத் தெரியும். "பணம் வந்துவிட்டது" என்று சொல்ல வரும் பேமெண்ட் கேட்வேயின் சர்வர் பொதுவாக அப்படிச் செய்யாது. சான்றிதழ்ச் சங்கிலி அறுந்திருக்கிறது என்று திரும்பிப் போய்விடும். பணம் போகும், செய்தி வராது. இதைப் பார்க்க வேண்டிய இடம் தளம் அல்ல, கேட்வேயின் டாஷ்போர்டில், அது நம் சர்வருக்கு அனுப்பித் தோல்வியடைந்த செய்திகளின், அதாவது வெப்ஹுக்குகளின், பட்டியல். இதைக் கையேட்டில் சேருங்கள்.

இப்போது 7 மணி மெயிலுக்கு வருவோம். கால் மணி நேரத்தில் மேலாளர் பெயரில் ஒரு பதில் போக வேண்டும், தம்பியையும் சிசியில் வைத்து. அவரை சிசியிலிருந்து எடுத்துவிட்டால் கிளையன்ட் சொன்னதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பதிலில் காரணம் வேண்டாம், அந்த நேரத்தில் அது தெரியாது. "இன்று காலை 11 மணி முதல் பணம் கட்டிய சிலரின் ஆர்டர்கள் நிலுவையில் நிற்கின்றன. எங்கள் சர்வர் மாற்றத்திலிருந்து தேடத் தொடங்கியிருக்கிறோம். காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் 9 மணிக்கு மீண்டும் எழுதுகிறேன்." இவ்வளவு போதும். 9 மணிக்கு எழுதியே ஆக வேண்டும்.

காரணம் தெரிந்ததும், சர்வரை மாற்றியவரிடம் நீங்கள் நேரடியாகப் பேசுங்கள், மேலாளருக்குக் குறிப்பு போவதற்கு முன்பே. குறிப்பில் நேரமும் செயலும் மட்டும்: 11:00 சர்வர் மாற்றம், 3:00 கிளையன்ட் அழைப்பு, தளம் மட்டும் பார்க்கப்பட்டது, 7:00 மெயில், 8:00 காரணம். "கவனக்குறைவு" போன்ற சொல் எதுவும் வேண்டாம்.

கிளையன்ட்டுக்கு எழுதும்போது நம் மொழியில் ஒரு வசதி இருக்கிறது. "எங்கள் சர்வர் அமைப்பில் தவறு செய்துவிட்டோம்" என்றால் முழு நிறுவனமும் ஏற்கிறது, தனி ஆள் எவரும் மாட்டவில்லை. "தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். தானாக மழை பெய்ததுபோல் இருக்கும், கோபம் கூடும். "நாம் சரிசெய்வோம்" என்பதும் வேண்டாம். அவரையும் தவறில் சேர்த்துக்கொள்ளும்.

மீனா எழுதியது:

நான் ஐடி இல்லை, ஆடிட்டர் அலுவலகம். எங்களுக்கும் இது நடந்தது. ஒரு கிளையன்ட்டின் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 போடும்போது, அவரிடம் சரக்கு வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதில் வேறொருவரின் எண் பதிவாகி, பில் அந்த வேறொருவருக்குப் போய்விட்டது. சரக்கு வாங்கியவரின் வரிக் கிரெடிட் பட்டியலான 2பி-யில் அந்த கிரெடிட் வரவில்லை. அவர் கிளையன்ட்டைத் திட்ட, கிளையன்ட் எங்கள் ஆடிட்டரிடம் என்னைப் பற்றிச் சொன்னார். டைப் செய்தது புதிதாக வந்த பையன். ஆடிட்டர் போனிலேயே "அது மீனா இல்லை, இந்தப் பையன்" என்று பெயரைச் சொல்லிவிட்டார்.

அடுத்த மாத ரிட்டர்னில் திருத்தம் போட்டுச் சரியாகிவிட்டது. ஆனால் அந்தக் கிளையன்ட் இப்போதும் ஒவ்வொரு மாதமும் கூப்பிட்டு "இதை அந்தப் பையன் தொட்டானா?" என்கிறார். என் பெயர் சுத்தமானது உண்மைதான். வேலை இரட்டிப்பானது.

இராமநாதன் எழுதியது:

மீனா சொல்வது புரிகிறது. ஆனால் பெயரை மறைப்பது சரியா? செய்யாத தம்பி அல்லவா சுமக்கிறார்! கிளையன்ட் மனதில் அவர் பொய்யர் என்றே நிற்கும். மேலிட முறையீடு என்ற சொல்லை ஏற்கிறேன். ஆனால் "மேலிடம்" என்றதும் எனக்குக் கட்சி மேலிடம்தான் நினைவுக்கு வருகிறது.

செல்வி எழுதியது:

ஐயா, அதற்காகத்தான் இரண்டாவது சொல் கேட்டேன். தவறு செய்யாவிட்டாலும் கிளையன்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஏற்பது "பழி" அல்ல. முகப்பொறுப்பு என்று யோசித்தேன். எங்கள் மேலாளர் படித்துவிட்டு "முகப்புப் பக்கத்துக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டுவிட்டார்.

சிவகரன் எழுதியது:

எங்களிடம் புழக்கத்தில் இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: பொறுப்புக்கூறல். என்ன நடந்தது, இனி என்ன செய்வோம் என்று சொல்லக் கடமைப்பட்டிருப்பது. குற்றம் செய்தவர்தான் பொறுப்புக்கூற வேண்டும் என்றில்லை.

இராமநாதன் ஐயாவின் கேள்வி நியாயமானது. பெயரைச் சொல்லாமலே தம்பியின் பெயரைக் காக்க வழி இருக்கிறது. மேலாளர் எழுத வேண்டும்: "3 மணிக்கு அவர் சொன்னது, அவர் பார்த்த இடத்தில் தெரிந்தபடியே. அந்த இடத்தில் இந்தக் கோளாறு தெரியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று நாங்கள் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை." இதைத் தம்பியே எழுதினால் சாக்குப்போக்கு. மேலாளர் எழுதினால்தான் எடுபடும். எழுத மறுக்கும் மேலாளர் வாய்த்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்வர் எழுதியது:

பொறுப்புக்கூறல் நல்ல சொல். தமிழ்நாட்டில் பொறுப்புடைமை என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் அது குணத்தைச் சொல்வதுபோல் இருக்கிறது. "கூறல்" என்பதில் செயல் இருக்கிறது.

பெயர் சொல்லாமை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தவறு கேட்வே நிறுவனத்துடையதாக இருந்து, ஒப்பந்தமும் கிளையன்ட்டே போட்டிருந்தால், அதைத் தெளிவாகச் சொல்லத்தான் வேண்டும். அவர்தானே அங்கே பேச வேண்டும்?

செல்வி, இரண்டு முறை கட்டியவர்களின் பணம் என்ன ஆனது? கிளையன்ட்டின் கோபம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

செல்வி எழுதியது:

கேட்வேயின் பரிவர்த்தனைப் பட்டியலையும் நிலுவை ஆர்டர்களையும் ஆர்டர் எண் வைத்து ஒப்பிட்டோம். ஒரே ஆர்டருக்கு இரண்டு வரவு வந்திருந்தால் பிந்தையதைத் திருப்பி அனுப்பச் சொல்லி, பட்டியலை மறுநாள் காலை கிளையன்ட்டுக்கு அனுப்பினோம். அவர் பதிலில் தம்பியைப் பற்றி ஒன்றும் இல்லை, "பட்டியலில் இரண்டு பெயர் விட்டுப்போயிருக்கிறது" என்று மட்டும் இருந்தது. அவர்கள் நிலுவையைப் பார்த்துவிட்டு, கடைக்குப் போன் செய்து புது ஆர்டராகவே போட்டுக் கட்டியவர்கள். ஆர்டர் எண் வேறு என்பதால் சிக்கவில்லை.

தலைப்பு இப்போதைக்கு "மேலிட முறையீடும் பொறுப்புக்கூறலும்". "மேலனுப்பல்" தனி அத்தியாயமாக அதற்கு முன்னால் வருகிறது. வினையாக எழுதும்போதுதான் இடறுகிறது. "கிளையன்ட் மேலிட முறையீடு செய்தார்" என்று தம்பிகள் யாரும் பேச மாட்டார்கள். "மேலே போயிட்டார்" என்றுதான் சொல்கிறார்கள்.

இராமநாதன் எழுதியது:

"மேலே போய்விட்டார்" மட்டும் வேண்டாம் அம்மா. எங்கள் ஊரில் அதற்கு வேறு பொருள்.