செல்வமகள் பாஸ்புக்கில் வட்டி குறையுது, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கங்க. பாலக்கோடு பக்கம் இருக்கோம். பாப்பா பேர்ல செல்வமகள் கணக்கு. 2024 ஏப்ரல் 1ல இருப்பு 60,000. மாசம் 2,000, பால் காசு வந்ததும் 10ஆம் தேதி கட்டுவோம். 8.2% வட்டிக்கு 5,986 வரும்னு நினைச்சேன். மார்ச் 31ல ஏறுனது 5,808.

5ஆம் தேதி முடிஞ்சதுல இருந்து மாசக் கடைசி வரை இருக்கிற குறைந்த இருப்புக்குத்தான் வட்டியாம். 10ல கட்டுனா அந்த மாசத்துக்குக் கிடையாது. அப்படிப் போட்டா 5,822. சரி, அது என் தப்பு.

மீதி 14 ரூபா? பாஸ்புக்கைப் பார்த்தா ஜூன்ல வரவே இல்ல, ஜூலையில ரெண்டு 2,000. ஆனா ஜூன் 10 முத்திரையோட ரசீது இருக்கு. காசு சின்னதுதான், பதிவு தப்பாச்சே! தேதியைத் திருத்தச் சொல்லி யாராவது எழுதிக் கொடுத்திருக்கீங்களா? ரசீது நகல் போதுமா?