அப்பாவின் எஃப்.டி., ப்ரோ நோட்டு, உயில்: வாரிசு சான்றிதழ் கையில் இருக்கிறது, பேங்க் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறது

திருமங்கலத்தான்

வணக்கம். அப்பா 2025 நவம்பரில் தவறிவிட்டார். எங்கள் ஊர் மதுரை மாவட்டம் திருமங்கலம். சிகிச்சைக்குச் சென்னை கூட்டிப்போன இடத்தில் உயிர் பிரிந்ததால் இறப்புச் சான்று சென்னையில் வாங்கினோம். இ-சேவையில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிந்து, தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழும் வந்துவிட்டது. அதில் அம்மா, நான், தங்கை, அப்பத்தா என நாலு பேர்.

அப்பா விட்டுப்போனது மூன்று. ஒரு பேங்கில் 11 லட்சம் எஃப்.டி., நாமினி போடவில்லை. தெரிந்த ஒருவருக்குக் கொடுத்த 4 லட்சத்துக்கு ப்ரோ நோட்டு, 2023 ஆகஸ்ட் 14 தேதி போட்டது. திருமங்கலத்தில் ஒரு வீடு. அந்த வீடு அம்மாவுக்கு என்று வெள்ளைத்தாளில் கைப்பட எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்தோடு உயில் இருக்கிறது. பதிவு செய்யவில்லை.

பேங்கில் வாரிசு சான்றிதழைக் காட்டினால், "இது செல்லாது, கோர்ட்டில் சக்சஷன் வாங்கி வாங்க" என்கிறார்கள். கடன் வாங்கியவர், "யாரிடம் கொடுக்கணும்னு கோர்ட் சொல்லட்டும்" என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் உயிலை ப்ரொபேட் பண்ணாவிட்டால் அது வெறும் காகிதம் என்கிறார். மூன்றுக்கும் தனித்தனியாகக் கோர்ட் ஏற வேண்டுமா? அப்பா இறந்தது சென்னை என்பதால் வழக்கும் சென்னையில்தானா?

கரூர் சுப்பு

தம்பி, பேங்க்காரங்க சும்மா அலைய விடுறாங்க. தாசில்தார் கொடுத்த சான்றிதழ் அரசாங்க சான்றிதழ். அதுக்கு மேல என்ன வேணும்? எங்க மாமா இறந்தப்போ அதை வெச்சுத்தான் எஃப்.டி. எடுத்தோம், நோட்டுக் கடனும் வசூல் பண்ணோம். மேனேஜரைப் பார்த்து எழுத்துல கேளுங்க, தன்னால வழிக்கு வருவாங்க.

பூந்தோட்டம்

நாமினி யாரோ அவங்க பேருக்குத்தான் பணம் போகும், மத்தவங்க கேட்க முடியாதுன்னு நினைக்கிறேன். முதல்ல நாமினியை பேங்குக்குக் கூட்டிட்டுப் போங்க.

திருமங்கலத்தான்

நாமினியே இல்லைங்க, அதுதான் பிரச்சினை.

பழைய சிரஸ்தார்

நான் மாவட்ட நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுப்பு சொன்னதில் எஃப்.டி. பற்றியது சரி. நோட்டுக் கடனுக்கு அது பொருந்தாது.

தாசில்தார் கொடுக்கும் சான்றிதழ், இறந்தவருக்கு வாரிசுகள் யார் யார் என்பதை மட்டும் சொல்லும். யாருக்கு எவ்வளவு பங்கு என்றோ, கடனை வசூலிக்கும் உரிமை யாருக்கு என்றோ சொல்லாது. வாரிசு யார் என்பதிலேயே தகராறு என்றால் தாசில்தாரும் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். சக்சஷன் சான்று 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி கோர்ட் கொடுப்பது. இறந்தவருக்கு வரவேண்டிய கடன், டெபாசிட், பங்குப் பத்திரம் ஆகியவற்றை வசூலிக்க மட்டுமே அது. வீடு, நிலத்துக்கு அதைக் கொடுக்கவே மாட்டார்கள். ப்ரொபேட் என்பது உயில் உண்மையானது என்று கோர்ட் முத்திரை வைப்பது.

இப்போது உங்கள் எஃப்.டி. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில், இறந்த வாடிக்கையாளர்களின் பணத்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று புது வழிகாட்டுதல் போட்டது. அதை 2026 மார்ச் 31-க்குள் வங்கிகள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். நாமினி இல்லாவிட்டாலும், வாரிசுகளுக்குள் தகராறு இல்லை என்றால் 15 லட்சம் வரை எளிய முறையில் கொடுக்க வேண்டும். கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம். இறப்புச் சான்று, அடையாளச் சான்று, வாரிசு சான்றிதழ், ஈட்டுறுதிப் பத்திரம், பணம் வாங்காத மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், இவ்வளவுதான். எல்லாத் தாளும் கொடுத்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். உங்கள் தொகை 11 லட்சம்தான். உங்கள் பேங்க் கூட்டுறவு வங்கியாக இல்லாதவரை, இந்த வழிகாட்டுதலைக் குறிப்பிட்டு விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. படிவத்தில் உயில் உண்டா என்று கேட்டிருந்தால் "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். உயில் உண்டு, அதில் வீடு மட்டும்தான் இருக்கிறது என்று எழுதி நகலையும் வையுங்கள். பின்னால் யாராவது உயிலைக் காட்டினால் நீங்கள் பொய் சொன்னதாகிவிடும். உயிலில் சொல்லாத எஃப்.டி. சட்டப்படி நாலு பேருக்கும் சமமாகப் போகும், ஆளுக்கு 2.75 லட்சம். இந்து ஆண் இறந்தால் தாயும் முதல் வகுப்பு வாரிசு. அதனால் அப்பத்தாவின் சம்மதம் இல்லாமல் பேங்க் நகராது, நகரவும் கூடாது.

திருமங்கலத்தான்

ரொம்ப நன்றி ஐயா. அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ஆனால் தகராறு எதுவும் இல்லை. பேங்க் கூட்டுறவு வங்கி இல்லை. நோட்டுக் கடனுக்கு என்ன செய்வது?

பழைய சிரஸ்தார்

கைநாட்டு போதும். சாட்சிகள் முன்னிலையில், அதிகாரி எதிரிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

நோட்டுக்குத்தான் உண்மையில் சக்சஷன் வேண்டும், அவசரமும் அதில்தான். இறந்தவருக்கு வரவேண்டிய கடனுக்கு வழக்குப் போட்டால், சக்சஷன் சான்றோ ப்ரொபேட்டோ காட்டாமல் கோர்ட் தீர்ப்பாணை கொடுக்க முடியாது, அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 214-ஆம் பிரிவு. கடன்காரர் தானாகக் கொடுத்தால் வேறு. அவரும் சான்று பார்த்துப் பணம் கொடுத்தால் இன்னொரு வாரிசு வந்து மறுபடி கேட்க முடியாது என்ற பாதுகாப்பு அவருக்கு உண்டு. அதனால் அவர் கேட்டதில் தப்பில்லை.

ஆனால் கெடு ஓடுகிறது. கேட்டதும் தர வேண்டிய ப்ரோ நோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 வருடம், 2026 ஆகஸ்ட் 14 வரை. அப்பா இறந்ததால் அது நிற்காது. நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து போட்டிருக்கிறாரா?

திருமங்கலத்தான்

பின்னால் எதுவும் இல்லை ஐயா. 2025 நடுவரை மாதாமாதம் வட்டியை அப்பா கணக்குக்கு போன் மூலம் அனுப்பினார். பேங்க் ஸ்டேட்மென்டில் இருக்கிறது.

பழைய சிரஸ்தார்

வட்டி கட்டினால் புது 3 வருடம் தொடங்கும். ஆனால் கட்டியவரின் கையெழுத்திலோ, அவர் கையெழுத்திட்ட எழுத்திலோ ஒப்புதல் வேண்டும். வெறும் வரவு பதிவை நம்பி உட்கார வேண்டாம், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். ஆகஸ்ட் 14-க்குள் நாலு பேரும் வாதிகளாகச் சேர்ந்து பண வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். சான்று இல்லாமல் வழக்குப் போடலாம், தீர்ப்பாணைதான் கிடைக்காது. பக்கத்தில் சக்சஷன் மனு ஓடட்டும். சான்றை வாங்கி வந்து அந்த வழக்கில் தாக்கல் செய்தால் போதும். சான்று வந்த பிறகுதான் வழக்கு என்று காத்திருந்து, கெடு தாண்டி நோட்டை வீணாக்கிக் கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மனு எங்கே என்றால், அப்பா வழக்கமாகக் குடியிருந்த இடத்து மாவட்ட நீதிமன்றம். இறந்த இடம் கணக்கில்லை. சார்பு நீதிமன்றங்களுக்கும் இந்த அதிகாரத்தை அரசு கொடுக்கலாம், அதனால் உங்கள் பகுதிக்கு எந்தக் கோர்ட் என்று வக்கீலிடம் உறுதி செய்யுங்கள். மனுவில் இறந்த தேதி, குடியிருப்பு, உறவினர் எல்லோர் பெயர் முகவரி, கடன் விவரம் எழுத வேண்டும். அம்மா மனுதாரராகவும் மற்றவர்கள் எதிர்மனுதாரர்களாகவும் இருந்து சம்மதப் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் வேகமாகும். நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம், சாட்சியம், அப்புறம் உத்தரவு. கோர்ட் கட்டணம் பட்டியலில் எழுதும் தொகைக்கு விகிதமாக வரும். எஃப்.டி.யையும் சேர்த்து 15 லட்சத்துக்குக் கட்டாதீர்கள், நோட்டை மட்டும் எழுதுங்கள். பேங்க் கடைசிவரை மறுத்தால் பின்னால் சான்றை நீட்டிக்கக் கேட்கலாம்.

கரூர் சுப்பு

எங்க மாமா கேஸ்ல கடன்காரர் தானா கொடுத்துட்டார். அதான் இந்தச் சிக்கல் வரலை போல. சரிங்கய்யா. ஆனா உயில் விஷயத்துல சொந்தக்காரர் சொல்றது சரிதானே? ப்ரொபேட் கட்டாயம்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன்.

மயிலை வாசுகி

இதில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் மாமியார் சென்னையில் எழுதிய உயில், மயிலாப்பூர் ஃப்ளாட். ப்ரொபேட் இல்லாமல் வாங்குபவரின் பேங்க் கடன் தரவில்லை. உயிலில் நிறைவேற்றுநர் யார் என்று அவர் எழுதவில்லை. அதனால் ப்ரொபேட் தர முடியாது, உயிலை இணைத்த நிர்வாக அதிகாரப் பத்திரம்தான் கேட்கலாம் என்றார் வக்கீல். உயர் நீதிமன்றத்தில் மனு போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. என் கொழுந்தனார் தன்னைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று கேவியட் போட்டதால் அது வழக்காக மாறி நம்பர் ஆகியிருக்கிறது. திருமங்கலத்தான் தம்பிக்கும் இதேதானே?

பழைய சிரஸ்தார்

அம்மா, உங்களுக்குச் சொன்னது சரி. திருமங்கலத்துக்கு அது எப்போதும் பொருந்தியதில்லை. இந்துக்களின் உயிலுக்கு ப்ரொபேட் கட்டாயம் என்பது பழைய வங்காள மாகாணப் பகுதி, சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்கள் நேரடியாக வழக்கு விசாரிக்கும் அசல் எல்லை, இந்த இடங்களில் எழுதிய உயிலுக்கும் அங்குள்ள சொத்துக்கும் மட்டும்தான். மதுரைக்காரர் மதுரையில் எழுதிய, மதுரை வீட்டு உயிலுக்கு இல்லை. அதைக் கட்டாயமாக்கிய 213-ஆம் பிரிவையே 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தில் நீக்கிவிட்டது. இனி சென்னையிலும் கட்டாயமில்லை, வேண்டுமென்றால் வாங்கலாம். சில அலுவலகங்களில் பழைய பழக்கத்தில் இன்னும் கேட்பார்கள்.

தம்பி, உங்கள் வீட்டுக்குப் பட்டா மாற்ற தாசில்தாரிடம் உயிலோடு மற்ற மூவரின் சம்மதத்தையும் கொடுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. சாட்சிகள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்களா? என்றாவது உயிலை நிரூபிக்க வேண்டி வந்தால் ஒரு சாட்சியாவது கோர்ட்டில் சொல்ல வேண்டும்.

திருமங்கலத்தான்

ஒருவர் போன வருடம் இறந்துவிட்டார். இன்னொருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார், எழுபது தாண்டியவர். ஐயா, ஒன்று மட்டும். கடன்காரர் இப்போது அசலில் பாதியை அப்பாவிடம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன் என்று பேச ஆரம்பித்திருக்கிறார். சக்சஷன் மனுவில் அதைச் சொல்லித் தடுப்பாரா?

பழைய சிரஸ்தார்

சொல்லலாம், எடுபடாது. அங்கே யார் வசூலிப்பது என்பது மட்டும்தான் கேள்வி. கடன் பாக்கி இருக்கிறதா, பாதி கட்டினாரா என்பதெல்லாம் பண வழக்கில்தான் தீரும். அதற்கு ரசீது அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். மூல நோட்டைக் கொடுத்துவிடாதீர்கள், நகலைக் காட்டுங்கள்.

மயிலை வாசுகி

ஐயா, 213 போய்விட்டது என்றால், ஏற்கெனவே நிலுவையில் இருக்கும் என் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டு ஃப்ளாட்டை விற்க முடியுமா?

பழைய சிரஸ்தார்

கொழுந்தனார் உயிலையே மறுக்கிறார் என்றால் வாபஸ் வாங்கினாலும் அந்தத் தகராறு வேறு வழக்காக வரும், வாங்குபவரும் பின்வாங்குவார். திருத்தத்துக்கு முன் தொடங்கிய மனுக்களை நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பதை உங்கள் வக்கீல்தான் வழக்குக் கட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.