பன்னிரண்டு மூளை நரம்புகள்: பாட்டு இருக்கு, பரீட்சையில் ஏன் வழுக்குது?

கபாலக்கணக்கு
எல்லாரும் பார்த்த ஸ்லைடுதான்: பன்னிரண்டு நரம்பும் ஒரே பட்டியலாக, பக்கத்தில் ரோம எண். வைவாவில் "ஒன்பதாவது எது?" என்றதும் ஒரு மாணவி மேஜைக்கு அடியில் விரல் மடக்கி "ஓ, ஓ, ஓ, டீ, டீ..." என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். ஏழில் தடுமாறி மறுபடி ஒன்றுக்குப் போனாள். ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்தைக் கோத்த பாட்டின் கோளாறே அதுதான். மூன்று ஓ, இரண்டு டீ, இரண்டு வி, இரண்டு ஏ. எழுத்து ஞாபகம் வந்தாலும் எந்த ஓ என்று அது சொல்லாது. அதனால் எண்ணையும் வேலையையும் சேர்த்துக் கட்டியது இது:

மணக்கும் ஒண்ணு, பார்க்கும் ரெண்டு,
இமையைத் தூக்கும் மூணு;
மூக்கு நுனியைக் காட்டும் நாலு,
கடிக்கும் கன்னம் அஞ்சு;
விழியை விலக்கும் ஆறு, சிரிச்சு
இமையை மூடும் ஏழு;
கேட்கும் எட்டு, விழுங்கும் ஒம்போது,
வயிறு வரைக்கும் பத்து;
தோளைத் தூக்கும் பதினொண்ணு,
நாக்கை நீட்டும் பன்னெண்டு.

விழிமணி
மூணு தூக்கும், ஏழு மூடும் என்ற ஜோடி ஒன்றே போதும், பாட்டுக்கு மதிப்பு வந்துவிடும். இமை தொங்கினால் மூன்றாவதைச் சந்தேகி, இமை மூட முடியாவிட்டால் ஏழாவதை. இதை மாற்றிச் சொல்கிறவர்கள் ஏராளம்.

ஆனால் நாலைப் பற்றிய வரி தப்பு. அந்த நரம்பு இயக்கும் தசை கண்ணைக் கீழேயும் வெளியேயும் கொண்டுபோகும். மூக்கு நுனி உள்பக்கம் அல்லவா இருக்கு?

கபாலக்கணக்கு
தசை தனியாக இழுத்தால் கீழே, வெளியே. சரிதான். ஆனால் சோதிக்கும்போது கண்ணை முதலில் உள்பக்கம் திருப்பச் சொல்லி, பிறகு கீழே பார்க்கச் சொல்கிறோம். அந்த நிலையில் கண்ணைக் கீழே இறக்குவது பெரும்பாலும் அந்தத் தசைதான். பாட்டு சோதனையைச் சொல்கிறது, இழுவையை இல்லை.

விழிமணி
அப்படியென்றால் பாட்டின் தலைப்பிலேயே "சோதனைப் பாட்டு" என்று போடணும். முதலாண்டு பிள்ளை எழுத்துத் தேர்வில் "உள்ளே, கீழே" என்று எழுதி மதிப்பெண் இழக்கும். LR6SO4 சூத்திரமே போதுமே: கண்ணின் பக்கவாட்டுத் தசைக்கு ஆறு, மேல் சாய்தசைக்கு நாலு, மீதிக்கெல்லாம் மூணு. திசை பற்றி அது வாயே திறக்காது.

மணிக்கட்டு
மணிக்கட்டு எலும்பு எட்டுக்கும் இப்படி ஒன்று கிடைக்குமா? ட்ரபீசியம், ட்ரபீசாய்டு ரெண்டும் எனக்கு எப்பவும் இடம் மாறுது.

தொண்டைநாதன்
@மணிக்கட்டு, கட்டைவிரலுக்கு அடியில் இருப்பது ட்ரபீசியம், பக்கத்தில் ஆட்காட்டி விரலுக்கு ட்ரபீசாய்டு. அதற்குப் பாட்டு வேண்டாம், தனித் திரி போடுங்க.

எல்லாரும் நாலைப் பிடித்துத் தொங்குறீங்க, உண்மையான ஓட்டை ஒன்பதில். விழுங்கும் தசைகளில் ஒன்பதுக்கு ஒரே ஒரு சின்னத் தசைதான் சொந்தம், மற்ற வேலை பெரும்பாலும் பத்தோடது. தொண்டையைக் குச்சியால் தொட்டால் உணர்வது ஒன்பது, சுருங்க வைப்பது பத்து. "ஆ" சொல்லச் சொன்னால் உள்நாக்கு ஆரோக்கியமான பக்கம் இழுபட்டால் பத்தாவதில் பழுது. "தொண்டை உணரும் ஒம்போது" என்று மாற்றுங்க, சந்தமும் கெடாது.

கேட்காமலே இன்னொன்று சொல்றேன். பாட்டைத் தலையிலிருந்து பாடியே பழகினால் அது ஒரு சங்கிலி ஆகிவிடும். நடுவில் பிடித்து இழுத்தால் வராது. பன்னிரண்டு சீட்டில் எண்களை மட்டும் எழுதிக் கலைத்து, எடுத்த எண்ணுக்கு வேலையைச் சொல்லுங்க. அடுத்த சுற்றில் வேலையைப் பார்த்து எண். பாட்டில் வேலை முன்னே, எண் பின்னே இருப்பதால் எண்ணிலிருந்து வேலைக்குப் போவதுதான் தடுக்கும். அந்தச் சுற்றை இரட்டிப்பாகச் செய்யுங்க. கடைசியில் வெறும் தாளில் நரம்பின் பெயரையும் எழுதணும். வேலை தெரிந்து பெயர் வராதவர்களைத்தான் இந்தப் பாட்டு உண்டாக்கும்.

பழையதாள்
பழைய புத்தகத்தில் எட்டாவது ஆடிட்டரி, ஏ எழுத்து. பதினொன்று ஸ்பைனல் ஆக்சசரி, எஸ். இப்போதைய ஸ்லைடில் முறையே வி, ஏ. சீனியர் கொடுத்த முதலெழுத்துப் பாட்டை இந்த ஸ்லைடோடு ஒப்பிட்டவர்கள் அங்கேதான் குழம்பினார்கள். எண் கட்டிய பாட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

உணர்வா, இயக்கமா என்ற கேள்விக்கு மட்டும் தனி வரி வேணும்: "ஒண்ணு ரெண்டு எட்டு உணரும்; அஞ்சு ஏழு ஒம்போது பத்து ரெண்டும் செய்யும்; மிச்சம் அஞ்சும் அசைக்கும்."

விழிமணி
மிச்சம் என்றால் மூணு, நாலு, ஆறு, பதினொண்ணு, பன்னெண்டு. ஆனால் மூணாவது நரம்பு கண் பாப்பாவையும் சுருக்குது. அது தன்னியக்க வேலை, "அசைக்கும்" என்ற சொல்லுக்குள் அடங்குமா?

தொண்டைநாதன்
பாப்பா சுருங்குவதும் தசைதானே. ஸ்லைடில் அதை இயக்கம் என்றுதான் போட்டிருக்காங்க. ஆனால் வைவாவில் கேட்டால் தனியாகச் சொல்லணும், பாட்டு அங்கே கைகொடுக்காது.

கபாலக்கணக்கு
ஒன்பதை மாத்திட்டேன். நாலை மாத்த மாட்டேன்.