‘எந்தக் காரணமும் இல்லாமல்’: இந்த வரி அறிக்கையில் இருக்கணுமா, வேண்டாமா?

இரவுடூட்டி:
கேஷுவாலிட்டியில் நோயாளியின் மகன் பயிற்சி மருத்துவரான எங்க சி.ஆர்.ஆர்.ஐ. தம்பியை அடிச்சுட்டார். நிர்வாகத்துக்குக் கொடுத்த அறிக்கையில், “குடிபோதையில் வந்த நோயாளியின் மகன், எந்தக் காரணமும் இல்லாமல், பயிற்சி மருத்துவரைத் தகாத வார்த்தைகளால் திட்டிக் கொடூரமாகத் தாக்கினார்” என்று எழுதியிருந்தோம். ‘எந்தக் காரணமும் இல்லாமல்’ என்பதை எடுத்துட்டு வாங்கன்னு, ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்க்கிற ஆர்.எம்.ஓ. அலுவலகம் திருப்பி அனுப்பிட்டாங்க. எடுத்தா, அடிச்சவன் பக்கம் காரணம் இருந்ததுன்னு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா?

பழைய ஏ.ஆர்.எம்.ஓ.:
ஆகாது. எடுத்துருங்க. கேமரா பதிவைப் பார்த்துட்டு எழுதினீங்களா, பார்க்காம எழுதினீங்களா? அடிக்கு முன்னாடி எத்தனை நிமிஷம் பேச்சு நடந்தது? அதைச் சொல்லுங்க முதல்ல.

சங்கத்துக்காரன்:
வந்துட்டாங்கய்யா நிர்வாகத்துக்கு வக்காலத்து வாங்க! அடி வாங்கினது டாக்டர், விசாரணையும் டாக்டருக்கா? அந்த வரி இருக்கணும். ஆத்திரமூட்டினதால அடிச்சேன்னு எதிர்த்தரப்பு சொன்னா தண்டனை குறையும். அதை முதல் நாளே அடைக்கிற வரி இது. ஃபைல் மட்டும் பார்த்தவங்களுக்கு இது தெரியாது.

இரவுடூட்டி:
பதிவை அப்புறம்தான் பார்த்தோம் சார். நெஞ்சுவலின்னு 2.05க்கு நோயாளியைக் கொண்டுவந்தாங்க. 2.12க்கு ஈ.சி.ஜி., 2.16க்கு மாத்திரை, 2.20க்கு ஐ.சி.யூ.வுக்கு போன். 2.24க்கு மகன் வந்து ‘ஏன் இன்னும் மாத்தலை’ன்னு கேட்டார். 2.29க்கு அடி. செக்யூரிட்டி வந்தது 2.32. நோயாளியை 2.41க்கு ஐ.சி.யூ.வுக்கு மாத்திட்டோம்.

பழைய ஏ.ஆர்.எம்.ஓ.:
பார்த்தீங்களா? அஞ்சு நிமிஷம் பேச்சு நடந்திருக்கு, அது கேமராவிலும் இருக்கு. நீங்க ‘எந்தக் காரணமும் இல்லாமல்’னு எழுதிக் கொடுத்துட்டா, எதிர்த்தரப்பு வக்கீல் அந்த அஞ்சு நிமிஷத்தை ஓடவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: “இங்கே என்ன பேசிக்கிட்டிருந்தீங்க டாக்டர்?” ஒரு வரி பொய்யாத் தெரிஞ்சா மிச்ச வரிகளும் சேர்ந்து ஆடும். காரணம் இருந்ததா இல்லையான்னு சொல்றது அறிக்கை எழுதுறவர் வேலையே இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் வைங்க. நீங்க கொடுத்த நேரங்களை வச்சு நானே எழுதிக் காட்டுறேன்:

“2.24 மணிக்கு நோயாளியின் மகன், ‘இன்னும் ஏன் ஐ.சி.யூ.வுக்கு மாத்தலை’ என்று கேட்டார். 2.20க்கே தகவல் சொல்லிவிட்டதாகவும் படுக்கை தயாராவதாகவும் பயிற்சி மருத்துவர் பதில் சொன்னார். மகன் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். 2.29க்கு வலது கையால் மருத்துவரின் இடது கன்னத்தில் அறைந்தார்.”

இதுக்குக் கீழே அறை எத்தனை, எதைப் பிடிச்சு இழுத்தார், மருத்துவர் எங்கே விழுந்தார், எந்த இடத்தில் எத்தனை செ.மீ. காயம், என்ன உடைஞ்சதுன்னு சேர்த்துக்குங்க. இதைப் படிக்கிறவருக்கு ‘கொடூரமாக’ன்னு தனியாச் சொல்லணுமா? கேள்வி கேட்டார், பதில் கிடைச்சது, அடிச்சார். ஆத்திரமூட்டல் எங்கே இருக்குன்னு அவங்கதான் தேடணும்.

சங்கத்துக்காரன்:
அழகா எழுதுறீங்க, பாராட்டு. ஆனா ‘எந்தக் காரணமும் இல்லாமல்’ எங்கே? அது இல்லாத அறிக்கை பல்லு பிடுங்கின பாம்பு.

வெளியாள்:
நான் டாக்டர் இல்லைங்க. எங்கப்பாவை ராத்திரி ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்ப நாற்பது நிமிஷம் ஒருத்தரும் வந்து ஒரு வார்த்தை சொல்லலை. அடிச்சது தப்புதான். ஆனா பெத்தவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கும்போது கேள்வி கேட்டா அது காரணம் இல்லையா? காரணமே இல்லைன்னு எழுதினா கோபம் வரத்தானே செய்யும்?

சங்கத்துக்காரன்:
இதுக்குத்தான் சொன்னேன்! காரணம் தேடிக்கிட்டு ஆள் வந்தாச்சு. அந்த வரி இருந்தே ஆகணும்.

பழைய ஏ.ஆர்.எம்.ஓ.:
வெளியாள் ஐயா, அடிச்சது சரியா தப்பான்னு இங்கே யாரும் பேசலை. அறிக்கையில் என்ன எழுதணும்னு பேசுறோம். ஆனா நீங்க சொன்னதில் எனக்கு ஒண்ணு உதவுது. நாளைக்கு அந்த மகனும் “எங்கப்பாவைக் கவனிக்கவே இல்லை”ன்னு புகார் கொடுப்பார். அன்னைக்கு நம்மைக் காப்பாத்தப் போறது 2.12, 2.16, 2.20, 2.41ங்கிற நாலு நேரங்கள். அடி விழுந்த பிறகும் வைத்தியம் நிக்கலைங்கிறதுக்கு 2.41தான் சாட்சி. அந்த நோயாளியை யார் கையில் ஒப்படைச்சீங்கன்னும் எழுதுங்க.

இன்னொண்ணு, இரவுடூட்டி. ‘குடிபோதையில்’னு எழுதியிருக்கீங்களே, யார் பரிசோதிச்சது?

இரவுடூட்டி:
பரிசோதிக்கலை சார். வாடை வந்தது. பக்கத்தில் நின்ன எல்லாருக்கும் தெரியும்.

பழைய ஏ.ஆர்.எம்.ஓ.:
அப்போ “பேசும்போது மது வாடை வந்தது, நடை தள்ளாடியது” என்று எழுதுங்க. தள்ளாடலைன்னா அதை எழுதாதீங்க. போதைங்கிறது போலீஸ் கொண்டுவந்து பரிசோதனை பண்ணின பிறகு இன்னொரு டாக்டர் எழுத வேண்டிய வார்த்தை. ‘தகாத வார்த்தைகளால்’ங்கிறதும் அதே மாதிரிதான். என்ன சொன்னார்? சொன்னதைச் சொன்ன மாதிரியே மேற்கோளுக்குள் போடுங்க.

இரவுடூட்டி:
“எங்கப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ உயிரோட வெளிய போகமாட்ட”ன்னு சொன்னார். மத்தது எழுத முடியாத வார்த்தை சார். டீன் மேடம் படிக்கிற காகிதம்.

பழைய ஏ.ஆர்.எம்.ஓ.:
இதைத்தான் எழுதாம விட்டீங்க! இது கொலை மிரட்டல். ‘தகாத வார்த்தை’ன்னு நாகரிகமா எழுதி, மிரட்டலை நீங்களே அழிச்சுட்டீங்க. கெட்ட வார்த்தையையும் அப்படியே எழுதுங்க. டீன் மேடம் அதை விட மோசமானதையும் கேட்டிருப்பாங்க.

கயல் சிஸ்டர்:
சாட்சி வாக்குமூலத்தைப் பத்தி யாருமே பேசலையே? இரவுடூட்டி டாக்டர், நீங்க எழுதின பேப்பரையே எங்க ஸ்டாஃப் நர்ஸ் கையில் கொடுத்து “இதே மாதிரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க சிஸ்டர்”னு சொன்னீங்க. அவங்க அப்போ ஊசி மருந்து எடுத்துக்கிட்டு அலமாரிப் பக்கம் திரும்பி நின்னாங்க. சத்தம் கேட்டுத் திரும்பினப்ப டாக்டர் கீழே கிடந்தார். கன்னத்தில் அறைஞ்சதை அவங்க பார்க்கவே இல்லை. ஆனா பார்த்ததா கையெழுத்து வாங்கிட்டீங்க.

இரவுடூட்டி:
நான் கட்டாயப்படுத்தலை சிஸ்டர். நேரமில்லைன்னு அவங்கதான் கேட்டாங்க. எப்பவும் டாக்டர்கள் மேலயே பழி போடுறது உங்களுக்கு வழக்கமாப் போச்சு.

கயல் சிஸ்டர்:
வழக்கமா? போன தடவை எங்க பொண்ணு மேல கை வச்சப்ப உங்க சைடிலிருந்து ஒரு கையெழுத்து வந்ததா? அதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

பழைய ஏ.ஆர்.எம்.ஓ.:
சிஸ்டர் சொல்றதுதான் சரி. ரெண்டு வாக்குமூலம் வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணா இருந்தா ரெண்டுமே போச்சு. அவங்க தனியா உட்கார்ந்து, “கண்ணாடி உடையும் சத்தம் கேட்டுத் திரும்பினேன், டாக்டர் டிரெஸ்ஸிங் டிராலி அருகே கீழே கிடந்தார், அந்த நபர் கையில் ஸ்டெதஸ்கோப் இருந்தது” என்று தான் பார்த்ததை மட்டும் எழுதட்டும். பாதி பார்த்த சாட்சி பாதியைச் சொன்னா நம்புவாங்க. முழுசாப் பார்த்ததாச் சொன்னாத்தான் மாட்டிக்குவாங்க. பழைய தாளைக் கிழிச்சுப் போடாதீங்க. அது அப்படியே இருக்கட்டும், இன்னைத் தேதி போட்டுத் திருத்த வாக்குமூலம் தனியா வாங்குங்க.

சங்கத்துக்காரன்:
ஒரு எஃப்.ஐ.ஆர். போட வழியைக் காணோம், இங்கே இலக்கண வகுப்பு நடக்குது. 6 மணி நேரத்துக்குள்ள நிறுவனத் தலைவரே எஃப்.ஐ.ஆர். போடணும்னு 2024 ஆகஸ்ட்ல உத்தரவே இருக்கு. ஆறு மணி நேரம் தாண்டினதுக்கு டீன்தான் பதில் சொல்லணும். அதை விட்டுட்டு ‘எந்தக் காரணமும் இல்லாமல்’ங்கிற வரியை அடிச்சுக்கிட்டிருக்காங்க.

பழைய ஏ.ஆர்.எம்.ஓ.:
அந்த 2024 ஆகஸ்ட் 16 குறிப்பாணை மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் அனுப்பினது, மாநில அரசு உத்தரவு இல்லை. அதை மட்டும் நம்பி நம்ம டீனை மடக்கப் பார்க்காதீங்க. நமக்கு 2008 தமிழ்நாடு சட்டம் இருக்கு, அதில் ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது. அந்தச் சட்டத்தில் மருத்துவப் பணியில் இருக்கிறவர் மேல வன்முறை நடந்ததுன்னு காட்டினாப் போதும். ‘காரணமில்லாம’ங்கிறதை நிரூபிக்க வேண்டிய பாரம் நம்ம மேல இல்லை. நீங்களா எடுத்துத் தோளில் வச்சுக்கிறீங்க.

சங்கத்துக்காரன்:
மத்திய அரசுக்கு மட்டும்தான் டாக்டர் உயிரா? எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். ரிட்டயர் ஆனவங்க விட்டுடலாம்.

பழைய ஏ.ஆர்.எம்.ஓ.:
யாருக்குப் போனதுன்னு அந்தக் காகிதத்திலேயே இருக்கு, படிங்க. போலீசில் உடனே கொடுக்கணும்ங்கிறதில் எனக்கு மறுப்பு இல்லை. ரிட்டயர் ஆனதைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம்.

இரவுடூட்டி, இதைக் கவனிங்க. கேமரா பதிவை எடுத்து வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்தீங்களா? இடம் நிறைஞ்சதும் பழைய பதிவு மேலயே புதுசு ஏறிடும். சில இடங்களில் ரெண்டு வாரம்கூடத் தாங்காது. கேமரா எண், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரைன்னு போட்டு இன்னைக்கே கடிதம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்க. நோயாளி உள்ளே வந்ததிலிருந்து ஐ.சி.யூ.வுக்குப் போனது வரை முழுசாக் கேளுங்க. அடி விழுந்த பத்து வினாடியை மட்டும் போனில் படம் பிடிச்சு வச்சா, வெட்டி ஒட்டினதுன்னு சொல்லிடுவாங்க.

இரவுடூட்டி:
இன்னைக்குக் கொடுக்கிறேன் சார். ஆனா கேமராவில் அடி விழுந்த நேரம் 2.36னு காட்டுது. சுவர்க் கடிகாரத்தில் 2.29.

கயல் சிஸ்டர்:
காயத்தைப் பதியுற ஏ.ஆர். புத்தகத்திலும் 2.36னுதான் ஏறியிருக்கு. காயம் எழுதின டாக்டர் கேமராவைப் பார்த்து எழுதிட்டார். நர்சிங் ரிப்போர்ட்டில் 2.29.

பழைய ஏ.ஆர்.எம்.ஓ.:
ஏ.ஆர்.ல கை வைக்காதீங்க. மேல எழுதுறது, வெள்ளை பூசுறது ஒண்ணும் கூடாது. இப்பவே யாராவது ஒருத்தர் கேமரா திரையையும் சுவர்க் கடிகாரத்தையும் சேர்த்துப் பார்த்து, “கேமரா கடிகாரம் 7 நிமிடம் முந்தியுள்ளது, இன்ன தேதி இன்ன நேரம் சரிபார்த்தேன்” என்று அறிக்கையில் கையெழுத்தோட எழுதட்டும். எந்தப் பதிவில் எந்தக் கடிகாரம்னும் அதிலேயே வரணும். இன்னைக்கே பண்ணுங்க. யாராவது கேமரா நேரத்தைத் திருத்திட்டா அந்த 7 நிமிஷத்தை அப்புறம் எதை வச்சுக் காட்டுவீங்க?

கயல் சிஸ்டர்:
திருத்தியாச்சு சார். காலையிலேயே டெக்னீஷியன் வந்து சரி பண்ணிட்டுப் போயிட்டார்.

இரவுடூட்டி:
யார் கூப்பிட்டது அவரை?

கயல் சிஸ்டர்:
உங்க டிபார்ட்மென்ட்லிருந்துதான் போன் போச்சு டாக்டர்.

பழைய ஏ.ஆர்.எம்.ஓ.:
அப்போ அந்த டெக்னீஷியன்கிட்ட, எத்தனை மணிக்குத் திருத்தினார், எவ்வளவு வித்தியாசம் இருந்ததுன்னு எழுதி வாங்குங்க. அவர் குறிச்சு வைக்கலைன்னா, அதே பதிவில் நேரம் தெரிஞ்ச வேற ஏதாவது இருக்கான்னு பாருங்க. 2.12 ஈ.சி.ஜி. தாளில் மிஷின் அச்சடிச்ச நேரம் இருக்குமே. அந்த மிஷின் கடிகாரம் சரியா ஓடுதான்னும் பார்த்துட்டு...

சங்கத்துக்காரன்:
ஈ.சி.ஜி. மிஷின் வரைக்கும் போயாச்சு. நான் கேட்டதுக்கு மட்டும் பதில் வரலை. ‘எந்தக் காரணமும் இல்லாமல்’னு எழுதித்தான் நாங்க கொடுப்போம். சங்கத்தின் கடிதம் நாளைக்கு டீன் மேசையில் இருக்கும்.

வெளியாள்:
அந்த நோயாளி இப்போ எப்படி இருக்கார்னு யாராவது சொல்லுங்களேன்.