மேல்தெரு தேயிலைக் குழு, கோத்தகிரி: எட்டு மாத இலைக் கணக்கு

சுகந்தி: எல்லோருக்கும் வணக்கம். கூட்டத்துக்கு முன்னால் ஆள்வாரியாக இலைக் கணக்கு வேண்டும் என்று தலைவர் கேட்கிறார். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மாதத்துக்கு ஒரு எக்செல் ஃபைல் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, பிரபு சொல்லிக்கொடுத்தபடி Get Data, From Folder என்று போய்ச் சேர்த்தேன். ஆனால் ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர் மூன்றுக்கும் எடை இருக்க வேண்டிய இடத்தில் null என்று நிற்கிறது. அந்தந்த ஃபைலைத் திறந்து பார்த்தால் எண்கள் இருக்கத்தான் செய்கின்றன.

மல்லிகா அத்தை: மெர்ஜ் பக்கமே போகாதே சுகந்தி. எங்கள் ஹோம்ஸ்டே புக்கிங் ஷீட்டில் பையன் மூன்று கட்டங்களைப் பிடித்து Merge & Center அழுத்தினான். முதல் கட்டத்தில் இருந்த பெயர் மட்டும் நின்றது, மற்ற இரண்டும் போயே போய்விட்டன.

சுகந்தி: அத்தை, அது கட்டங்களைச் சேர்ப்பது. இது ஃபைல்களைச் சேர்ப்பது.

மல்லிகா அத்தை: எதைச் சேர்த்தாலும் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்.

ராஜன் மாமா: தலைப்பு வரிசையைப் பாரம்மா. பெயர் மாறியிருந்தால் சேராது.

சுகந்தி: ஆகஸ்டில் மட்டும் ‘எடை’ என்று இருக்கிறது, மாமா. ஏப்ரலிலிருந்து ஜூலை வரையும் செப்டம்பரிலும் ‘மொத்தம்’. அக்டோபர், நவம்பரிலும் ‘மொத்தம்’தான். அப்புறம் அது ஏன் வரவில்லை?

ராஜன் மாமா: அப்படியானால் ஃபான்ட். யாராவது பாமினியில் அடித்திருப்பார்கள்.

பிரபு: மாமா பாதி பிடித்துவிட்டார். பாமினியாக இருந்தால் ஃபைல்களைச் சேர்க்கும் பவர் குவெரி விண்டோவில் தமிழாகவே தெரியாது, `nkhj;jk;` என்று வரும். அக்கா, அங்கே எப்படித் தெரிகிறது?

சுகந்தி: நல்ல தமிழில்தான். மற்ற மாதங்களில் இருப்பது மாதிரியே.

பிரபு: சரி. ஜூலை ஃபைலில் அந்தத் தலைப்பு இருக்கும் கட்டம் C1 என்றால், ஏதாவது ஒரு காலிக் கட்டத்தில் `=LEN(C1)` போடுங்கள். அக்டோபர் ஃபைலிலும் அதே.

சுகந்தி: ஜூலைக்கு 7. அக்டோபருக்கு 8! பின்னால் ஸ்பேஸ் விழுந்திருக்கிறதா?

பிரபு: கர்சரை வைத்துப் பாருங்கள்.

சுகந்தி: ஸ்பேஸ் இல்லை.

பிரபு: அப்படியென்றால் ‘மொ’வில்தான் விஷயம். கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறிக்கு யூனிகோடில் தனியாக ஒரே எண் உண்டு, 0BCA. சில கீபோர்டுகள் அதைப் போடாமல் ஒற்றைக்கொம்பை 0BC6 என்றும் காலை 0BBE என்றும் இரண்டாகப் போடும். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல்தான் இருக்கும். பவர் குவெரி கண்ணால் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் ஒப்பிடும். அதற்கு இவை இரண்டு வெவ்வேறு பத்திகள். ‘தொகை’, ‘தோட்டம்’ என்று ஒகர ஓகாரம் வரும் எந்தத் தலைப்பிலும் இது நடக்கும்.

வேலு: அக்டோபரிலிருந்து நான்தான் எழுதுகிறேன். பழைய லேப்டாப், அதில் பழைய டைப்பிங் சாஃப்ட்வேர்.

ராஜன் மாமா: பெயர் வேறு என்றால் தனிப் பத்தியாகவாவது வந்திருக்க வேண்டுமே, பிரபு? எண்கள் எங்கே போயின?

பிரபு: நல்ல கேள்வி. ஃபோல்டரைச் சேர்க்கும்போது எக்செல் ஒரு ஃபைலை மாதிரியாக எடுத்துக்கொள்கிறது. நாம் வேறு எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் முதல் ஃபைல்தான். அதில் இல்லாத பத்தி மற்ற ஃபைல்களில் இருந்தால் சத்தமே போடாமல் விட்டுவிடும். மாதிரியில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் null போடும். எர்ரர் வராது, அதுதான் தொல்லை.

சுகந்தி: அப்போது எட்டு ஃபைலிலும் தலைப்பைக் கையால் மாற்றிவிடட்டுமா?

பிரபு: எட்டுக்கு அது போதும். ஆனால் அடுத்த மாதம் வேறு ஒருவர் எழுதினால் மறுபடியும் இதே கதைதான். அதனால் ஒரு சின்ன டேபிள் போடுங்கள், இரண்டே பத்தி: பழைய பெயர், புதிய பெயர். பழைய பெயர்களை நீங்கள் அடிக்காமல் அந்தந்த ஃபைலிலிருந்து காப்பி எடுத்து ஒட்டுங்கள். அடித்தால் உங்கள் கீபோர்டின் ‘மொ’தான் விழும். அந்த டேபிளை Map என்ற பெயரில் குவெரியாக ஏற்றிவிட்டு, Transform Sample File என்ற குவெரியில் தலைப்பு ஏறிய படிக்கு அடுத்து இதைச் சேருங்கள்:

```
= Table.RenameColumns(
    Table.TransformColumnNames(#"Promoted Headers", Text.Trim),
    Table.ToRows(Map),
    MissingField.Ignore)
```

முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் ஸ்பேஸை Trim வெட்டிவிடும். கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால் ஜூலை ஃபைலில் ‘எடை’ இல்லையே என்று நின்றுவிடும். பிறகு வெளிக் குவெரியில் தானாக விழுந்த Changed Type படியை நீக்கிவிடுங்கள், அது பழைய பெயரையே தேடும். தேதிக்கும் எண்ணுக்கும் வகையைக் கடைசியில் புதிதாகக் கொடுங்கள்.

சுகந்தி: ஆகஸ்ட் வந்துவிட்டது! ஆனால் அக்டோபர், நவம்பர் இரண்டும் எர்ரர். ஒரே பெயர் ஏற்கனவே இருக்கிறது என்கிறது.

பிரபு: Map டேபிளைப் படமெடுத்துப் போடுங்கள். 🔍

பிரபு: ‘மொத்தம்’, ‘நிகரம்’ இரண்டையும் ‘கிலோ’ என்று மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள். அக்டோபர் ஃபைலில் இரண்டு பத்தியும் இருக்கின்றனவா?

வேலு: ஆமாம். மழையில் ஈர இலைக்குத் தண்ணீர்க் கழிவு பிடிக்கிறார்களே. நம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில்தான் மழை அதிகம். அதனால் இறக்கிய எடையை ‘மொத்தம்’ என்றும், கழிவு போக நின்றதை ‘நிகரம்’ என்றும் எழுதினேன்.

பிரபு: எர்ரர் வந்தது நல்லதாகப் போயிற்று. சுகந்தி அக்கா, ஜூலையில் ‘மொத்தம்’ என்றால் எந்த எடை?

சுகந்தி: தெரியவில்லையே.

ராஜன் மாமா: இலைச் சிட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும். என் ஜூலைச் சிட்டை ஒன்றில் இறக்கியது 42, கழிவு 2, நின்றது 40. ஃபைலில் என் பெயருக்கு என்ன இருக்கிறது?

சுகந்தி: அந்தத் தேதிக்கு 40, மாமா.

பிரபு: அப்போது ஜூலையின் ‘மொத்தம்’ கழிவு போக எடை. அக்டோபரின் ‘மொத்தம்’ கழிவுக்கு முந்தைய எடை. பெயர் ஒன்று, பொருள் வேறு. இதை எந்த ஃபார்முலாவும் கண்டுபிடித்துத் தராது.

வேலு: என் ‘மொ’தான் வேறு மாதிரி ஆயிற்றே. பழைய ‘மொத்தம்’ ஒரு பக்கம், என்னுடையது ஒரு பக்கம் என்று டேபிளில் பிரித்துவிடலாமே?

பிரபு: இன்றைக்கு வேலை செய்யும். நாளைக்கு நீங்கள் லேப்டாப்பை மாற்றினால் கணக்கு கவிழ்ந்துவிடும். இரண்டே ஃபைல்தான், காப்பி எடுத்து வைத்துக்கொண்டு தலைப்பை ‘இறக்கிய எடை’, ‘கழிவு போக எடை’ என்று கையால் மாற்றிவிடுவது மேல். மற்ற மாதங்களின் ‘மொத்தம்’ டேபிள் வழியாகக் ‘கழிவு போக எடை’ ஆகட்டும். மாதிரி ஃபைலாக அக்டோபரைத் தேர்ந்தெடுங்கள், அதில்தான் இரண்டும் இருக்கின்றன. ஏப்ரல், மே, ஜூன், செப்டம்பருக்கும் ஆளுக்கொரு சிட்டையை ஒத்துப் பாருங்கள்.

சுகந்தி: மாற்றிவிட்டேன், எர்ரர் போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு மாதக் கூட்டலும் சரியாக இரண்டு மடங்கு காட்டுகிறது!

பிரபு: அடியில் கூட்டல் வரி இருக்கும், அதுவும் ஓர் ஆளாக ஏறியிருக்கிறது. உறுப்பினர் எண் காலியாக உள்ள வரிகளை வடிகட்டி எடுத்துவிடுங்கள். பிறகு மாதவாரியாகக் கூட்டி, ஒவ்வொரு ஃபைலின் அடிக் கூட்டலோடும் ஒத்துப் பாருங்கள்.

சுகந்தி: ஏழு மாதம் ஒத்துப்போகிறது. ஆகஸ்டும் கூட்டல் சரிதான், ஆனால் அந்த ‘எடை’ எந்த எடை? அப்போது எழுதிய பெண் திருமணமாகித் திருப்பூர் போய்விட்டாள், கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறாள்.

பிரபு: தெரியும்வரை அதை ‘ஆகஸ்ட் எடை’ என்று தனிப் பத்தியாகவே வையுங்கள். மாதிரியான அக்டோபர் ஃபைலிலும் அதே தலைப்பில் ஒரு காலிப் பத்தி போடுங்கள், இல்லாவிட்டால் சத்தமே போடாமல் விட்டுவிடும். மற்றதோடு கூட்ட வேண்டாம்.

ராஜன் மாமா: கூட்டத்தில் யாராவது ஆகஸ்ட் எங்கே என்று கேட்பார்களே?

சுகந்தி: கேட்கட்டும், மாமா. ஆகஸ்ட் மாதச் சிட்டை யாரிடமாவது இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். தேதியும் கழிவும் தெரிய வேண்டும்.

மல்லிகா அத்தை: என்னிடம் ஒன்று இருக்கிறது. மழையில் நனைந்து கழிவு இருந்த இடம் மட்டும் அழிந்திருக்கிறது. போடட்டுமா?

பிரபு: போடுங்கள் அத்தை. இறக்கிய எடையும் நின்ற எடையும் தெரிந்தால் போதும், ஃபைலில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.