திடீர்க் கேள்வி கேட்டால் பதிலை ஆரம்பிக்கிறேன், முடிக்க முடியவில்லை. உதவி தேவை

போர்கேஜ்:
வணக்கம். வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரப் பிரிவில் வேலை. செவ்வாய்தோறும் ரிவ்யூ மீட்டிங். போன வாரம் பிளான்ட் ஹெட் திடீரென்று என் பக்கம் திரும்பி, "புஷ் ரிஜெக்ஷன் 2 சதவீதம் இருந்தது, 4 ஆயிடுச்சே, ஏன்?" என்று கேட்டார். காரணம் எனக்கு நன்றாகத் தெரியும்: புஷ் என்ற குழல் வடிவ பாகத்தின் துளையை, அதாவது போரை, குடையும் இன்செர்ட் என்ற வெட்டுமுனை புது லாட்டில் சீக்கிரம் தேய்கிறது. ஆனால் வாயில் வந்தது இதுதான்:

"சார், அது வந்து, திங்கக்கிழமை நைட் ஷிஃப்ட்ல ஆபரேட்டர் மாறினதால, இன்செர்ட் வேற புது லாட் வந்து, நாங்க வழக்கம்போல 200 பீஸுக்கு ஒரு தடவை மாத்திட்டு இருந்ததுல, போர் சைஸ் பார்த்தப்போ..."

"காரணத்தைச் சொல்லுங்க" என்று நடுவிலேயே வெட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் ஓடவில்லை. தயாரித்துப் போனால் நன்றாகப் பேசுவேன். இதற்கு என்ன வழி?

மேடைமணி:
டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் சேருங்கள் நண்பரே. அங்கே டேபிள் டாபிக்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. தலைப்பை அங்கேயே கொடுப்பார்கள், உடனே எழுந்து பேச வேண்டும். 1 நிமிடத்தில் பச்சை விளக்கு, ஒன்றரையில் மஞ்சள், 2-ல் சிவப்பு. பயம் போய்விடும். அதுவரைக்கும் ஒரு வழி: யார் கேட்டாலும் கேள்வியை அப்படியே ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள். யோசிக்க நேரம் கிடைக்கும்.

நாற்காலி வரிசை:
போர்கேஜ், நீங்கள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து கொடுத்தது நல்லதாகப் போயிற்று. கோளாறு அதிலேயே தெரிகிறது. அந்த வாக்கியத்தில் வினைமுற்று எங்கே என்று தேடிப் பாருங்கள். "மாறினதால", "வந்து", "இருந்ததுல", "பார்த்தப்போ" எல்லாமே எச்சம், அல்லது எச்சம்போல முடியாமல் நிற்பவை. தமிழில் வினை கடைசியில்தான் வரும். எச்சத்தின் மேல் எச்சமாக அடுக்கினால், கேட்பவருக்குச் செய்தி என்னவென்று கடைசிவரை தெரியாது. அவர் பொறுமையில்லாமல் வெட்டினார் என்று நினைக்காதீர்கள். அந்த இடம் வரைக்கும் அவர் கையில் ஒரு செய்திகூடச் சேரவில்லை.

அடுக்கு ஏன் வருகிறது? நினைவு நடந்த வரிசையில்தான் வரும்: முதலில் திங்கள், பிறகு ஷிஃப்ட், பிறகு லாட். தயாரிக்காதபோது வாயும் அதே வரிசையில் போகிறது. காரணமோ வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியது: கேள்விச் சொல்லைப் பிடியுங்கள். முதல் வாக்கியம் அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். "ஏன்" என்றால் காரணம். "எப்போ" என்றால் நாள். "முடியுமா" என்றால் முடியும், முடியாது, அல்லது இன்னது கிடைத்தால் முடியும். அந்த வாக்கியம் வினைமுற்றில் முடிந்து, குரல் கீழே இறங்க வேண்டும். இறங்கிய பிறகு ஒரு மூச்சு. இரண்டாவது அதற்கு ஆதாரம், ஒரே ஒரு எண் போதும். மூன்றாவது, இப்போது என்ன செய்கிறீர்கள், எந்த நாளில் தெரியும். அவ்வளவுதான் அமைப்பு. உங்கள் விஷயத்தில் எண்கள் இப்படி இருந்ததாக வைத்துக்கொள்வோம்:

"புது லாட் இன்செர்ட் சீக்கிரம் தேயுது சார், அதனால போர் சின்னதாகுது. போன வாரம் ரிஜெக்ட் ஆன 48 பீஸ்ல 30, இன்செர்ட் மாத்துறதுக்கு முந்தின கடைசி 20 பீஸ்ல வந்தது. இன்னைக்கு ஷிஃப்ட்ல இருந்து 170-லயே மாத்துறோம், வெள்ளிக்கிழமை எண் சொல்றேன்."

நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆபரேட்டர் மாறிய கதை இதில் இல்லை. கேட்டால் சொல்லலாம். எதை விடுவது என்று தெரியாமல்தான் பலர் திணறுகிறார்கள். விட்டதெல்லாம் அடுத்த கேள்விக்குப் பதிலாகக் கையிலேயே இருக்கும்.

மேடைமணி சொன்னதில் பாதி சரி. டேபிள் டாபிக்ஸ் எழுந்து நிற்கும் பயத்தைப் போக்கும். ஆனால் அங்கே குறைந்தது ஒரு நிமிடம் நிரப்பப் பழக்குகிறார்கள். ரிவ்யூ மீட்டிங்கில் அதே பழக்கம் எதிராக வேலை செய்யும். கேள்வியைத் திருப்பிச் சொல்வதிலும் கவனம் வேண்டும். "உங்க டிபார்ட்மென்ட் ஏன் தூங்கிட்டு இருக்கு?" என்றால், "நாங்க ஏன் தூங்குறோம்னா..." என்று தொடங்கினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். குற்றச்சொல்லை எடுத்துவிட்டு, "ரிஜெக்ஷன் கூடினதுக்குக் காரணம்..." என்று விஷயத்தை மட்டும் திருப்புங்கள்.

மேடைமணி:
ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தூங்கும் உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

வேலைதேடி_24:
எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா. இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்றதும் பிளஸ் டூ மார்க்கில் இருந்து ஆரம்பித்துவிடுகிறேன். இதே மூன்று வாக்கியம் போதுமா?

நாற்காலி வரிசை:
தம்பி, அது திடீர்க் கேள்வி இல்லை. கட்டாயம் வரும் கேள்வி, வீட்டிலேயே தயாரிக்க வேண்டியது. "இந்த வேலையில் முதல் மாதம் என்ன செய்வீங்க?" மாதிரி எதிர்பாராதது வந்தால் மூன்று வாக்கியம் உதவும்.

போர்கேஜ்:
மிக்க நன்றி. எச்சம் எண்ணியபோது அதிர்ச்சியாகவே இருந்தது. இரண்டு சந்தேகம். பதில் தெரியாவிட்டால்? "செக் பண்ணிச் சொல்றேன் சார்" என்றால் இன்னும் கோபப்படுகிறார். இன்னொன்று, அந்த இன்செர்ட்டை விலை குறைவு என்று வாங்கியது பர்ச்சேஸ். அவர்களும் அதே மேசையில் இருக்கிறார்கள். காரணம் கேட்டால் அதையும் சொல்லலாமா?

நாற்காலி வரிசை:
"செக் பண்ணிச் சொல்றேன்" என்பதில் எதை, எப்போது இரண்டும் இல்லை. அதனால்தான் அடுத்த கேள்வி உடனே பாய்கிறது. தெரிந்தது, தெரியாதது, நேரம் என்று பிரித்துச் சொல்லுங்கள்: "போர் சின்னதாகுதுன்னு உறுதியாத் தெரியும் சார். இன்செர்ட்டா, கூலன்ட்டா இன்னும் பிரிச்சுப் பார்க்கல. மதியம் 3 மணிக்கு பழைய லாட் போட்டு ஓட்டுறோம், 5 மணிக்குச் சொல்றேன்." ஊகத்தைக் காரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வாரம் மாற்றினால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் சந்தேகிப்பார்கள்.

பர்ச்சேஸ் பற்றி என் கருத்து: கருவியைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். "புது லாட் இன்செர்ட்" என்றாலே போதும்.

பயிற்சிக்கு 10 துண்டுச்சீட்டில் உங்கள் மேலாளர் கேட்கக்கூடியவற்றை எழுதி மடித்து வையுங்கள். தினமும் இரண்டு எடுத்து, மொபைலில் பதிவு செய்து பதில் சொல்லுங்கள். திருப்பிக் கேட்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: முதல் வினைமுற்று எத்தனையாவது விநாடியில் வருகிறது? 5 அல்லது 6-ஐத் தாண்டினால் அந்தச் சீட்டை மறுபடி எடுங்கள். "வந்து", "அதாவது" பற்றிக் கவலை வேண்டாம். அவை எச்சம் சேரும் மூட்டுகளில்தான் அதிகம் முளைக்கும், வாக்கியம் சுருங்கினால் குறையும்.

ஸ்டோர்ஸ் பாண்டி:
கடைசிக் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லைங்க. ஆளைச் சொல்லாமல் விட்டால் அடுத்த லாட்டும் அதே இன்செர்ட்தான் வரும், ரிஜெக்ஷன் தரப் பிரிவு தலையிலேயே விழும். மீட்டிங்கில் சொன்னால்தான் மினிட்ஸில் ஏறும்.

நாற்காலி வரிசை:
மினிட்ஸில் ஏற வேண்டும் என்பது நியாயம்தான். மீட்டிங்குக்கு முன்பே பர்ச்சேஸிடம் "இதைச் சொல்லப் போகிறேன்" என்று சொல்லிவிட்டால் இரண்டும் நடக்கும். திடீர்க் கேள்வியில் அந்த வாய்ப்பு இல்லையே.

ஸ்டோர்ஸ் பாண்டி:
அதனால்தான் சொல்கிறேன், அந்த இடத்திலேயே சொல்ல வேண்டியதுதான்.

போர்கேஜ்:
இந்தச் செவ்வாய்க்கு லாட் நம்பர் வரைக்கும் சொல்கிறேன். பர்ச்சேஸ் பெயரை எடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சீட்டு எழுதியாயிற்று, ஒன்பதுதான் தேறியது. பத்தாவதாக உங்கள் ஆலைகளில் கேட்கும் ஒரு கேள்வியைச் சொல்லுங்களேன்.

ஸ்டோர்ஸ் பாண்டி:
"இதை ஏன் முன்னாடியே சொல்லல?" எங்கள் பக்கம் வாரம் தவறாமல் வரும்.