உதவி: கடல்மட்ட சென்சார் புராஜெக்ட், ரிசல்ட் அத்தியாயத்தில் பிழையை எப்படி எழுதுவது?

மண்டபம்_இறுதியாண்டு

எல்லோருக்கும் வணக்கம். எலக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு படிக்கிறேன். மண்டபத்தில் வடகடல் பக்கம் ஒரு படகுத்துறைத் தூணில் அல்ட்ராசோனிக் சென்சார் வைத்து கடல்மட்டம் அளந்தோம். சரிபார்க்க, பக்கத்திலேயே செ.மீ. கோடு போட்ட அளவுகம்பம் ஒன்றை நட்டோம். கம்பத்தின் பூஜ்யத்திலிருந்து 240 செ.மீ. உயரத்தில் சென்சார் முகம் இருக்கிறது. 240-லிருந்து சென்சார் காட்டும் தூரத்தைக் கழித்தால் கடல்மட்டம். ஒரு நாள் ரீடிங் இது, எல்லாம் செ.மீ.:

```
நேரம்      வெப்பம்   கம்பம்   சென்சார்
காலை 6     26°C      62       65
காலை 8     28°C      50       55
காலை 10    31°C      38       44
பகல் 12    33°C      34       42
பகல் 2     34°C      42       48
மாலை 4     32°C      56       61
```

தூரத்துக்கான வரி இதுதான்:

```
distance = duration * 0.034 / 2;
```

கைடு "துல்லியம் எத்தனை சதவீதம்னு ஒரு எண் போடு" என்கிறார். தூரத்தை வைத்துப் பார்த்தால் 97 சதவீதம் வருகிறது. மட்டத்தை வைத்துப் பார்த்தால் பகல் 12 மணிக்குப் பிழை மட்டும் 23 சதவீதத்துக்கு மேல். எதைப் போடுவது? படகு போகும்போது வந்த தாறுமாறான ரீடிங் சிலவற்றை நீக்கிவிட்டேன், அதையும் சொல்ல வேண்டுமா? குறைபாடுகளை நிறைய எழுதினால் வைவாவில் மார்க் போய்விடுமோ என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

கீழக்கரை_பட்டறை

தம்பி, ரொம்ப யோசிக்காதீங்க. சென்சார் எப்பவும் கூடுதலாத்தான் காட்டுது பாருங்க: 3, 5, 6, 8, 6, 5. சராசரி 5.5. ஒவ்வொரு ரீடிங்கிலும் 5.5 கழிச்சிட்டு புது டேபிள் போடுங்க, வேலை முடிஞ்சது. நாங்க பட்டறையில் டேங்க் லெவலுக்கு வைக்கிறப்போ இதைத்தான் செய்வோம்.

உப்பளத்துப்_பையன்

எனக்கும் இதே தலைவலி. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் பாமே மானி வைத்து உப்புநீர் அடர்த்தி பார்ப்போம். காலையில் ஒரு எண், உச்சி வெயிலில் அதே பாத்தியில் குறைவான எண். தண்ணீர் சூடானால் அடர்த்தி குறைந்துதான் காட்டும். உங்கள் சென்சாரும் உப்புக்காற்றில் கெட்டிருக்கும் என்று நினைக்கிறேன். புதுசு ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்களேன்?

ஆய்வக_அக்கா

சென்சார் கெடவில்லை. கெட்டிருந்தால் பிழை இப்படி வரிசையாக வராது. காலை 6-க்கு 3, பகல் 12-க்கு 8, மாலையில் திரும்ப 5. வெயிலோடு ஏறி வெயிலோடு இறங்குகிறது. உப்பளத்துத் தம்பி சொன்ன வெப்பக் கதைதான் இங்கேயும், ஆனால் தண்ணீரில் இல்லை, காற்றில்.

அந்தப் புரோகிராம் வரியில் இருக்கும் 0.034 என்பது ஒலி வினாடிக்கு 340 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வது. காற்று ஏறத்தாழ 15 டிகிரியில் இருந்தால் அது சரி. மண்டபத்தில் எந்த மாதம் 15 டிகிரி? 33 டிகிரியில் ஒலி சுமார் 351 மீட்டர் போகும். எதிரொலி சீக்கிரம் திரும்பி வந்துவிடும், கருவி தண்ணீர் பக்கத்தில் இருப்பதாக நினைக்கும், மட்டம் உயர்வாகத் தெரியும். 206 செ.மீ. தூரத்தில் இது மட்டுமே ஆறரை செ.மீ. சாப்பிடும். இப்படி மாற்றுங்கள்:

```
float v = 331.3 + 0.606 * tempC;
distance = duration * v / 20000.0;
```

புதிதாக அளக்கவே வேண்டாம், உங்கள் டேபிளிலேயே போட்டுப் பார்க்கலாம். பகல் 12 மணி: சென்சார் மட்டம் 42, அதாவது தூரம் 198. அதை 351.3/340-ஆல் பெருக்கினால் 204.6. மட்டம் 35.4. கம்பம் 34. பிழை 8-லிருந்து 1.4-க்கு வந்துவிட்டது. ஆறையும் போட்டேன்: −0.6, +0.5, +0.2, +1.4, −0.7, −0.6. வர்க்க சராசரி மூலப் பிழை 5.7 செ.மீ.-லிருந்து 0.8-க்கு இறங்குகிறது.

பட்டறை அண்ணன் சொன்ன 5.5 கழிக்கும் வழி தப்பில்லை, பாதி சரி. அதைச் செய்தால் வர்க்க சராசரி மூலப் பிழை 1.5 ஆகும். ஆனால் காலை −2.5, பகல் +2.5 என்று வெயிலின் தடம் அப்படியே நிற்கும். டேங்க் ஷெட்டுக்குள் இருந்தால் வெப்பம் அவ்வளவு மாறாது, அங்கே அது போதும். இன்னொன்று, 5.5-ஐ எந்த ஆறு ரீடிங்கிலிருந்து எடுத்தீர்களோ அதே ஆறில் சோதித்தால் சராசரிப் பிழை பூஜ்யம் வந்துதானே ஆக வேண்டும்? அதை ரிசல்ட் என்று போட முடியாது. ஒரு நாள் ரீடிங்கில் எண்ணைக் கண்டுபிடித்து வேறு நாள் ரீடிங்கில் சோதிக்க வேண்டும். வெப்பச் சூத்திரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை, அது உங்கள் டேட்டாவிலிருந்து வந்ததல்ல.

மண்டபம்_இறுதியாண்டு

அக்கா, ரொம்ப நன்றி. அப்போ "0.8 செ.மீ. துல்லியம்" என்று எழுதிவிடலாமா?

ஆய்வக_அக்கா

அவசரப்படாதீங்க. கம்பத்தை எப்படிப் படித்தீர்கள்? அலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்குமே. வெப்பத்தை எங்கே அளந்தீர்கள்?

மண்டபம்_இறுதியாண்டு

அலை மேலே தொடும் இடத்தையும் கீழே இறங்கும் இடத்தையும் பார்த்து நடுவில் எடுத்தோம். காலையில் ஒன்றிரண்டு செ.மீ. ஆட்டம், பகலில் காற்று ஏறியதும் நாலைந்து. வெப்ப சென்சார் பெட்டிக்கு அடியில் தொங்குகிறது. மேற்குப் பக்கம் திறந்திருப்பதால் மாலை வெயில் அடிக்கும்.

ஆய்வக_அக்கா

இதுதான் அத்தியாயத்தின் உயிரான பகுதி, டைப் பண்ணும்போது விட்டுவிடாதீர்கள். கம்பத்தையே ±2 செ.மீ.க்குத்தான் படிக்க முடிந்தது என்றால், கருவி 0.8-க்குள் சரி என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. "திருத்திய பின் சென்சாருக்கும் கம்பத்துக்கும் உள்ள வேறுபாடு, கம்பத்தைப் படிப்பதில் உள்ள ஐயத்துக்குள் அடங்கிவிட்டது" என்று எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். ஆறே ரீடிங்கில் 0.8, 1.5 இரண்டையும் ஒப்பிட்டு இது வென்றது என்று அடித்துச் சொல்வதும் கஷ்டம். பிழை வெப்பத்தோடு சேர்ந்து போவது திருத்தியதும் மறைந்தது, அதைத்தான் சொல்லலாம். பிழைக்கும் வெப்பத்துக்கும் ஒரு வரைபடம், திருத்தும் முன் ஒன்று, பின் ஒன்று போடுங்கள். டேபிளைவிட அது பேசும்.

மாலை வெயில் விஷயம். வெப்ப சென்சார் உண்மையான காற்றைவிடச் சூடாக இருந்தால் திருத்தம் அளவுக்கு மீறும், மட்டம் குறைவாக வரும், பிழை மைனஸில் போகும். பகல் 2-க்கும் மாலை 4-க்கும் மைனஸ்தான். ஆனால் வெயிலே இல்லாத காலை 6-க்கும் −0.6 இருக்கிறது. அதனால் இதுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. பகல் 12-ன் +1.4 எதிர்ப்பக்கம் போகிறது, அது வெயிலால் வந்ததில்லை. அலை இருக்கும்போது எதிரொலி பக்கத்தில் இருக்கும் அலைமுகட்டிலிருந்து முதலில் வரும், மட்டம் உயர்வாகத் தெரியும். அதுவாக இருக்கலாம். "இருக்கலாம்" என்றே எழுதுங்கள்.

சதவீதத்துக்கு வருவோம். உங்கள் கம்பத்தின் பூஜ்யம் நீங்களாக நட்ட இடம். இன்னும் அரை மீட்டர் ஆழத்தில் நட்டிருந்தால் அதே 8 செ.மீ. பிழை 23-லிருந்து பத்து சதவீதத்துக்குக் கீழே போயிருக்கும். சென்சாரை இன்னும் உயரத்தில் வைத்தால் 97 என்ற எண்ணும் இஷ்டத்துக்கு மாறும். இப்படி மாறும் எண்ணால் யாருக்கும் பயனில்லை. பிழையை செ.மீ.-ல் கொடுங்கள், பக்கத்திலேயே அன்று கடல் ஏறி இறங்கிய அளவு 28 செ.மீ. என்று போடுங்கள். திருத்தாத கருவியின் 5.5 அதில் ஐந்தில் ஒரு பங்கு. படிப்பவருக்கு உடனே புரியும்.

கீழக்கரை_பட்டறை

அக்கா சொல்றது சரிதான், ஆனா கைடு கேட்கிற எண்ணைக் கொடுக்கலைன்னா ரிப்போர்ட்டே நகராது. அனுபவத்துல சொல்றேன். 97-ஐ எங்கேயாவது போட்டுடுங்க தம்பி.

ஆய்வக_அக்கா

போட்டே ஆக வேண்டுமென்றால் "தூர அளவில், திருத்தும் முன்" என்று எதன் சதவீதம் என்பதைச் சொல்லி டேபிளுக்குக் கீழே போடட்டும். சுருக்கத்தில் தனியாக நிற்கக் கூடாது. இதில் நான் அண்ணனோடு ஒத்துப்போக மாட்டேன்.

மண்டபம்_இறுதியாண்டு

சரி அக்கா. நீக்கிய ரீடிங்?

ஆய்வக_அக்கா

எத்தனை நீக்கினீர்கள், எந்த விதிப்படி என்று இரண்டையும் எழுதுங்கள். கம்பத்தோடு ஒத்துப்போகாததை நீக்கியிருந்தால் அது செல்லாது, விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்ட மாதிரி. விதி கம்பத்தைப் பார்க்காமலே வேலை செய்ய வேண்டும். ஒரு நிமிட ரீடிங்குகளை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்தால் போதும், படகு கடந்த சில வினாடிகள் தானாக விழுந்துவிடும். மூல டேட்டா ஃபைல் வைத்திருக்கிறீர்கள்தானே? அதிலிருந்து மறுபடி எடுங்கள், நீக்கிய எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்து. டேபிளில் ஒன்றிரண்டு எண் மாறும், மாறட்டும்.

குறைபாடுகளுக்கு மார்க் போகாது. பொதுவாக எழுதினால்தான் போகும். "கருவியில் சில குறைபாடுகள் உள்ளன" என்றால் தேர்வாளர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கேள்வி போடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்:

"சோதனை ஒரு பகல் மட்டும், பாக் விரிகுடாப் பக்கம் மட்டும் நடந்தது. கடல்மட்டம் 34 முதல் 62 செ.மீ. வரை இருந்தது. அதற்கு வெளியே கருவி சோதிக்கப்படவில்லை. ஒப்பீட்டுக் கம்பத்தைப் படிப்பதில் சுமார் ±2 செ.மீ. ஐயம் உண்டு. வெப்ப சென்சார் மாலை வெயிலில் இருந்தது. அதன் விளைவு தனியாக அளக்கப்படவில்லை."

பாம்பன்_கரைவலை

புராஜெக்ட் பற்றித் தெரியாது, கடல் தெரியும். நீங்கள் அளந்தது கடல் அமைதியாக இருந்த நாள் போலிருக்கிறது. வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் பொங்கி நிற்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் காலத்தில் தலைகீழ். அந்தக் கொந்தளிப்பில் உங்கள் கம்பத்தை யாராலும் படிக்க முடியாது. எந்தக் காற்றில் அளந்தீர்கள் என்று எழுதாவிட்டால் எங்களுக்கு அந்த ரிப்போர்ட் பயன்படாது.

மண்டபம்_இறுதியாண்டு

காற்றையும் சேர்த்துவிடுகிறேன் அண்ணே. சமர்ப்பிக்க இன்னும் நேரம் இருக்கிறது, இன்னொரு நாள் அளக்கப் போகிறோம். வெப்ப சென்சாருக்கு வெள்ளை மூடி போட்டு நிழலில் வைக்கிறோம். கம்பத்தை இதைவிட நன்றாகப் படிக்க வழி உண்டா?

கீழக்கரை_பட்டறை

நாலு இஞ்ச் பிவிசி பைப்பை அடியில் மூடி, மூடிக்குப் பக்கத்துல சின்ன ஓட்டை ஒண்ணு போட்டு, தூணோட சேர்த்துக் கட்டுங்க. அலை உள்ளே வராது, மட்டம் மட்டும் மெதுவா ஏறி இறங்கும். உள்ளே தெர்மகோல் மிதவையில் மெல்லிய குச்சி நட்டு, பைப்புக்கு மேல் நீட்டுற இடத்துல கோடு போட்டுப் படிங்க. சென்சாரை மட்டும் அந்தப் பைப்புக்குள்ளே விட்டுடாதீங்க, சுவரில் பட்டு எதிரொலி குழம்பும்.

ஆய்வக_அக்கா

நல்ல யோசனை அண்ணே. ஓட்டை ரொம்பச் சின்னதாக இருந்தால் பைப்புக்குள் மட்டம் பின்தங்கும், பாசி அடைத்தாலும் அப்படித்தான். ஒவ்வொரு முறை படிக்கும் முன்னும் குச்சியைக் கொஞ்சம் அமுக்கி விட்டு, பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள் தம்பி. திரும்பாவிட்டால் மிதவை எங்கேயோ உரசுகிறது, அந்த ரீடிங்கை எடுக்காதீர்கள்.